வார்டு எண்ணை நம்பி வீடு பார்க்காதீர்கள்: சென்சஸ் கணக்கில் சென்னைப் பகுதிகளை ஒப்பிடும் முறை

சென்னையில் வீடு பார்க்கப் போகிறவர் காதில் திரும்பத் திரும்ப விழும் மூன்று வாக்கியங்கள் உண்டு. “இது ஃபேமிலி ஏரியா சார்.” “இங்கே நெரிசலே கிடையாது.” “எல்லாரும் படிச்சவங்க.” தரகர் சொல்கிறார், வீட்டுக்காரர் சொல்கிறார், பக்கத்துக் கடைக்காரரும் சொல்கிறார். மூன்றுமே எண்ணிப் பார்க்கக்கூடியவை. முதலாவது வயது, இரண்டாவது மக்கள் அடர்த்தி, மூன்றாவது எழுத்தறிவு. மூன்றையும் அரசே வார்டு வாரியாக எண்ணி வைத்திருக்கிறது. காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கணக்கைத் தவறாகப் படிப்பது மிக எளிது. வார்டு எண்ணில் தொடங்கி எழுத்தறிவற்றோர் எண்ணிக்கை வரை ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளங்களைத் தாண்டிப் போகும் வழி இது.

இப்போதைக்குக் கையில் இருக்கும் கடைசி முழுக் கணக்கு 2011 சென்சஸ். 2021இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் வார்டு அட்டவணைகள் வெளிவரும் வரை பழைய கணக்கைத்தான் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். பழையது என்பதற்காக அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. எது பழையதாகிவிட்டது, எது ஆகவில்லை என்று பிரித்துப் பார்த்தால் போதும்.

எந்தக் கோப்பு, எந்த வரி

censusindia.gov.in தளத்தின் அட்டவணைப் பகுதியில் Primary Census Abstract என்று தேடி, தமிழ்நாட்டுக்கான நகர, வார்டு அளவிலான கோப்பை எடுங்கள். எக்செல் கோப்புதான். தமிழ்நாட்டின் குறியீடு 33, சென்னை மாவட்டம் 603, திருவள்ளூர் 602, காஞ்சிபுரம் 604. இந்த மூன்றும் தேவைப்படும். 2011 மார்ச்சில் சென்னை மாநகராட்சி 155 வார்டுகள் கொண்ட பழைய நகரமாகவே இருந்தது. அம்பத்தூர், திருவொற்றியூர், ஆலந்தூர், வளசரவாக்கம் எல்லாம் தனித்தனி நகராட்சிகள். அவை மாநகராட்சியில் சேர்ந்தது அதே ஆண்டு அக்டோபரில். ஆகவே அம்பத்தூரைச் சென்னைக்குள் தேடினால் கிடைக்காது. திருவள்ளூர் மாவட்டத்தில் தனி ஊராக நிற்கும். செங்கல்பட்டு மாவட்டம் 2019இல் உருவானது, அதனால் தாம்பரமும் பல்லாவரமும் காஞ்சிபுரத்தின் கீழ் இருக்கும்.

கோப்பைத் திறந்ததும் `Level` என்ற பத்தியைப் பாருங்கள். ஒரே கோப்பில் மாவட்டத்துக்கு ஒரு வரி, ஊருக்கு ஒரு வரி, அதன் கீழ் வார்டுகளுக்குத் தனி வரிகள் என்று எல்லாம் கலந்து கிடக்கும். வடிகட்டாமல் கூட்டினால் அதே மக்கள் இரண்டு, மூன்று முறை எண்ணப்படுவார்கள். `WARD` என்றிருக்கும் வரிகளை மட்டும் எடுத்து, `TOT_P` பத்தியைக் கூட்டி, அந்த ஊரின் மொத்த வரியோடு ஒப்பிடுங்கள். சென்னை மாநகராட்சிக்கு 46,46,732 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ வரி விடுபட்டிருக்கிறது அல்லது கூடியிருக்கிறது. இந்த ஒரு சரிபார்ப்பைச் செய்யாமல் மேலே போகாதீர்கள்.

நமக்கு வேண்டிய பத்திகள் சிலவே. வீடுகள் `No_HH`, மக்கள் `TOT_P`, ஆண்கள் `TOT_M`, பெண்கள் `TOT_F`, ஆறு வயது வரையிலான குழந்தைகள் `P_06`, எழுத்தறிவு பெற்றோர் `P_LIT`. அதே கோப்பில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எண்ணிக்கையும் இருக்கிறது. நலத்திட்டங்களும் தொகுதி ஒதுக்கீடும் நியாயமாக நடக்க எண்ணப்பட்டவை அவை. யார் பக்கத்து வீட்டில் இருக்கக்கூடாது என்று முடிவு செய்ய அந்தப் பத்தியைத் தொடுகிறவர் இந்தக் கட்டுரையைத் தவறான காரியத்துக்கு எடுத்துப் போகிறார்.

எழுத்தறிவு: `P_ILL` பத்தியில் இருக்கும் குழந்தைகள்

எழுத்தறிவை முதலில் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற இரண்டையும் புரிந்துகொள்ளும் வழி இதில்தான் திறக்கிறது.

சென்சஸில் எழுத்தறிவு பெற்றவர் என்றால், ஏழு வயதோ அதற்கு மேலோ ஆகி, ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவர். ஆறு வயதுக் குழந்தை கடகடவென்று தமிழ் படித்தாலும் கணக்கில் வராது. அந்தக் குழந்தை எங்கே போகிறது என்றால், `P_ILL` பத்திக்குப் போகிறது. அதாவது எழுத்தறிவற்றோர் என்று கோப்பில் இருக்கும் எண்ணுக்குள் கைக்குழந்தைகள் உட்பட ஆறு வயது வரை அத்தனை பேரும் அடக்கம்.

சென்னை மாநகராட்சியின் 2011 எண்களை வைத்தே பார்ப்போம். மொத்தம் 46,46,732 பேர். எழுத்தறிவு பெற்றோர் 37,76,276. கழித்தால் 8,70,456 வரும். ஏறக்குறைய ஒன்பது லட்சம் பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களா என்று திகைக்க வேண்டாம். அதில் 4,59,324 பேர் ஆறு வயது வரையிலான குழந்தைகள். அவர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 4,11,132. பாதிக்கும் குறைவு.

விகிதமும் அப்படியே மாறும். எழுத்தறிவு பெற்றோரை மொத்த மக்களால் வகுத்தால் 81.3%. ஏழு வயதுக்கு மேற்பட்டோரால் வகுத்தால் 90.18%. சென்சஸ் அதிகாரபூர்வமாகச் சொல்வது இரண்டாவதை. எக்செல்லில் பத்திகளுக்கு அதே பெயர்களை வைத்துக்கொண்டால் வாய்பாடு இப்படி இருக்கும்:

```
=P_LIT/(TOT_P-P_06)*100
```

ஒன்பது புள்ளி வித்தியாசம் ஏதோ புள்ளிவிவரக்காரர்களின் நுணுக்கம் என்று தோன்றலாம். வார்டுகளை ஒப்பிடும்போது அது முடிவையே புரட்டிவிடும். முறையைக் காட்ட இரண்டு கற்பனை வார்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 30,000 பேர். முதல் வார்டில் குழந்தைகள் 3,900, எழுத்தறிவு பெற்றோர் 22,500. இரண்டாவதில் குழந்தைகள் 2,100, எழுத்தறிவு பெற்றோர் 24,000. மொத்த மக்களால் வகுத்தால் முதல் வார்டு 75%, இரண்டாவது 80%. இரண்டாவதுதான் படித்தவர்கள் இடம் என்று சொல்லிவிடுவோம். குழந்தைகளைக் கழித்து வகுத்தால் முதலாவது 86.2%, இரண்டாவது 86.0%. இரண்டும் ஒன்றுதான். முதல் வார்டில் இளம் குடும்பங்கள் அதிகம், அவ்வளவே. வயதில் இருந்த வேறுபாடு எழுத்தறிவு வேடம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

சரியான விகிதத்தை எடுத்த பிறகும் அதற்கு அளவுக்கு மீறிப் பொருள் கொடுக்கக் கூடாது. பெருநகரத்தில் 87க்கும் 92க்கும் உள்ள வேறுபாடு அங்கே பள்ளிகள் எப்படி என்பதைச் சொல்லாது. தட்டுத்தடுமாறி எழுதப் படிக்கத் தெரிந்தவரும் முனைவர் பட்டம் பெற்றவரும் இதில் ஒரே எண். விகிதத்தைக் கீழே இழுப்பவர்கள் பெரும்பாலும் சிறு வயதில் பள்ளிக்கு அனுப்பப்படாத மூத்த பெண்களும், வேலை தேடி வந்து தங்கிய தொழிலாளர்களும். ஆகவே ஆண், பெண் விகிதங்களைத் தனித்தனியாகப் போடுங்கள். 2011இல் சென்னையில் ஆண்கள் 93.7%, பெண்கள் 86.6%. ஏழு புள்ளி இடைவெளி. ஒரு வார்டில் இந்த இடைவெளி அதைவிடப் பெரிதாக இருந்தால் அங்கே பழைய குடிகள் நிலைத்து வாழ்கிறார்கள், முந்தைய தலைமுறைப் பெண்களுக்குப் படிப்பு எட்டவில்லை என்று கொள்ளலாம். இடைவெளி சிறிதாகி இரண்டும் குறைவாக இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். மொத்த எண்ணைவிட இந்த இடைவெளி எனக்கு எப்போதும் அதிகம் சொல்லியிருக்கிறது.

வயது: கோப்பில் இல்லாததை எப்படி எடுப்பது

வார்டு கோப்பில் வயது பற்றி இருப்பது ஒரே ஒரு பத்திதான், `P_06`. முழு வயதுப் பட்டியல் சி-14 என்ற அட்டவணையில் ஐந்தைந்து ஆண்டாகப் பிரித்துக் கிடைக்கும். ஆனால் அது மாவட்ட அளவில் நிற்பது, வார்டுக்கு இறங்காது. மாவட்ட எண்ணை வார்டுக்குப் பொருத்திப் பேசும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

இருப்பதை வைத்து முதலில் குழந்தை விகிதத்தைப் போடுங்கள்: `P_06` ஐ `TOT_P` ஆல் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 2011இல் சென்னைக்கு 9.9, தமிழ்நாட்டுக்கு 10.3. வார்டு எண் இதைவிட நன்றாக மேலே இருந்தால் இளம் குடும்பங்கள் குடியேறிய இடம். கீழே இருந்தால் இரண்டில் ஒன்று. ஒன்று, பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய முதியோர் பகுதி. இன்னொன்று, மேன்ஷன்களும் விடுதிகளும் நிறைந்த இடம். இரண்டுக்கும் குழந்தை விகிதம் ஒரே மாதிரி குறைவாக வரும். ஆனால் குடியேறுகிறவருக்கு இவை முற்றிலும் வேறான இரண்டு ஊர்கள்.

அவற்றைப் பிரிக்க இன்னொரு கோப்பு உதவும். 2010இல் நடந்த வீட்டுப்பட்டியல் கணக்கிலிருந்து வார்டு வாரியாக வெளியிட்டது. HLPCA என்ற பெயரில் அதே தளத்தில் கிடைக்கும். இதில் எண்ணிக்கை இல்லை, சதவீதம் மட்டும். ஒரு வீட்டில் எத்தனை பேர், எத்தனை திருமணமான தம்பதிகள், சொந்த வீடா வாடகையா, எத்தனை அறை என்று பத்திகள் நீளும். ஒருவர், இருவர் மட்டும் உள்ள வீடுகள் அதிகமாக இருந்து, சொந்த வீட்டு விகிதமும் அதிகமாக இருந்தால் அது முதியோர் பகுதி. அதே சிறு வீடுகள், ஆனால் வாடகை அதிகம், தம்பதி இல்லாத வீடுகளும் அதிகம் என்றால் தனியாக வேலை பார்ப்பவர்கள் தங்கும் இடம். சிறு வீடுகள், வாடகை, ஆனால் தம்பதிகள் உண்டு என்றால் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். விடுதிகள் போன்ற நிறுவனத் தங்குமிடங்கள் HLPCA கணக்கில் வராது. மக்கள்தொகைக் கோப்பில் வரும். எனவே ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள விகிதம் ஒரு வார்டில் மட்டும் விபரீதமாகச் சாய்ந்திருந்தால் அங்கே விடுதியோ படைப்பிரிவுக் குடியிருப்போ இருக்கிறதா என்று வரைபடத்தில் தேடுங்கள்.

சிறிய ஊர்களில் இந்தச் சாய்வு பெரிதாகத் தெரியும். பழைய சென்னையில் ஒரு வார்டுக்குச் சராசரி 30,000 பேர். தாம்பரம் நகராட்சியில் 2011இல் 1,74,787 பேர், 39 வார்டுகள். சராசரி 4,500க்கும் குறைவு. கிழக்குத் தாம்பரத்தில் விடுதிகளோடு கூடிய பெரிய கல்லூரி வளாகம் இருக்கிறது. அப்படி ஒரு விடுதியில் 600 மாணவர்கள் இருந்தால் சென்னை வார்டில் அது 2%. தாம்பரம் வார்டில் 13%க்கு மேல். குழந்தை விகிதம் குறையும், எழுத்தறிவு ஏறும், ஆண் பெண் விகிதம் சாயும். மூன்று எண்ணும் சேர்ந்து ஒரே திசையில் தாவினால் அது அக்கம்பக்கத்தின் குணம் இல்லை, ஒரு கட்டடத்தின் குணம். சென்னை வார்டையும் தாம்பரம் வார்டையும் நேருக்கு நேர் வைக்க வேண்டுமானால், தாம்பரத்தில் அடுத்தடுத்த ஆறேழு வார்டுகளைக் கூட்டி ஒன்றாக்கிய பிறகு வையுங்கள். கூட்டும்போது எண்ணிக்கைகளைக் கூட்டி மறுபடி வகுக்க வேண்டும். சதவீதங்களின் சராசரி தவறான விடை தரும்.

அடுத்தது, கணக்கெடுத்த பிறகு ஓடிப்போன ஆண்டுகள். 2011இல் ஆறு வயது வரை இருந்தவர்கள் 2026இல் 15 முதல் 21 வயதில் இருப்பார்கள். அன்று குழந்தை விகிதம் உச்சத்தில் இருந்த வார்டில் இன்று நர்சரிப் பள்ளியில் நெரிசல் இருக்கும் என்று எண்ணுவது பிழை. அந்த அலை பள்ளியைத் தாண்டிக் கல்லூரிக்குப் போய்விட்டது. அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று அறிய 2001 கோப்பையும் எடுங்கள். சென்னையில் 2001இலும் 155 வார்டுகள்தான், அதனால் ஒன்றுக்கொன்று நேராக வைத்துப் பார்க்க முடியும். நகரம் முழுவதும் அந்தப் பத்தாண்டில் 43,43,645இலிருந்து 46,46,732 ஆனது; 7% வளர்ச்சி. அதே காலத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் 39% வளர்ந்தது. 2001க்கும் 2011க்கும் இடையில் மக்கள்தொகை இறங்கி, குழந்தை விகிதமும் இறங்கிய நகர் வார்டு, இன்று இன்னும் மூத்திருக்கவே வாய்ப்பு அதிகம். புறநகர் வார்டுக்கு இப்படி நீட்டிச் சொல்ல முடியாது. ஒரே ஒரு அடுக்குமாடித் திட்டம் வந்தால் கதை மாறிவிடும்.

வாக்காளர் பட்டியலில் வயதை எண்ணுவது

அண்மைய வயதுக் கணக்குக்குத் தெரு அளவில் ஒரு பொது ஆவணம் உண்டு. சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாகப் பிடிஎஃப்பில் வெளியாகிறது. ஒரு பாகம் என்பது ஒரு வாக்குச்சாவடி. பொதுவாக ஆயிரத்தைச் சுற்றியுள்ள வாக்காளர்கள். முதல் பக்கத்தில் அந்தப் பாகத்தில் அடங்கும் தெருக்களின் பெயர் இருக்கும். உள்ளே ஒவ்வொருவரின் வயதும் பாலினமும் இருக்கும். நாம் பார்க்கும் தெரு எந்தப் பாகம் என்று கண்டுபிடித்து, வயதை மட்டும் எண்ண வேண்டும். பெயர், வீட்டு எண் எதையும் குறிக்கத் தேவையில்லை, குறிக்கவும் கூடாது.

முழுவதையும் எண்ண வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் 30 பேர், பத்து வரிசை, மூன்று பத்தி. 1,200 பேர் உள்ள பாகம் என்றால் 40 பக்கம். நான்கு பக்கத்துக்கு ஒன்றாகப் பத்துப் பக்கம் எடுத்தால் 300 பேர். தாளில் நான்கு கட்டம் போட்டு, 18–29, 30–44, 45–59, 60க்கு மேல் என்று கோடு போட்டுக்கொண்டே போகலாம். முக்கால் மணி நேர வேலை. 300 பேரில் 20% மூத்தவர்கள் என்று வந்தால் உண்மை 16க்கும் 24க்கும் இடையில் இருக்கும் என்று கொள்ளலாம். ஆகவே இரண்டு பகுதிகளுக்கு இடையில் மூன்று புள்ளி வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். பத்துப் புள்ளி என்றால் அது உண்மையான வேறுபாடு. பக்கங்களைத் தொடர்ச்சியாக எடுக்காதீர்கள். பட்டியல் தெரு வரிசையில் போவதால் முதல் பத்துப் பக்கமும் இரண்டே தெருவாக முடிந்துவிடும்.

இதில் ஒரு சாய்வு நிச்சயம் உண்டு. வாடகைக்கு இருக்கும் இளம் குடும்பங்கள் பலரும் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே பெயரை வைத்திருக்கிறார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதினர் பலர் இன்னும் சேர்ந்திருப்பதில்லை. அதனால் வாடகை வீடுகள் நிறைந்த தெரு, பட்டியலில் உண்மையைவிட முதியதாகத் தெரியும். HLPCAவில் வாடகை விகிதம் பாதிக்கு மேல் இருந்த வார்டில் 60 வயதுக்கு மேற்பட்டோர் விகிதத்தைச் சற்றுக் குறைத்தே படிக்க வேண்டும். இறந்தவர், இடம் மாறியவர் பெயர்கள் தங்கியிருப்பதும் அதே பக்கம் சாய்க்கும். தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் ஏராளமான பெயர்கள் நீக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒப்பிடும் இரண்டு பாகங்களும் ஒரே தேதியில் வெளியான பட்டியலாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அடர்த்தி: பரப்பளவு எங்கிருந்து வரும்

மக்கள்தொகைக் கோப்பில் வார்டின் பரப்பளவு இருக்காது. ஊரின் மொத்தப் பரப்பு மாவட்ட சென்சஸ் கையேட்டில் இருக்கும். 2011இல் சென்னை 175 சதுர கிலோமீட்டர். சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 26,550 பேர். வார்டுக்கு வேண்டுமென்றால் எல்லை வரைபடத்தை QGIS போன்ற இலவச மென்பொருளில் திறந்து பரப்பை நாமே எடுக்க வேண்டும்.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். வரைபடக் கோப்புகள் பெரும்பாலும் அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கும். அதில் நேரடியாகப் பரப்பு கேட்டால் 0.00009 போல ஒன்றுக்கும் உதவாத எண் வரும், ஏனென்றால் அது சதுர டிகிரி. முதலில் மீட்டர் கணக்குக்கு மாற்ற வேண்டும். அதற்கான ஆயமுறைக் குறியீடு சென்னைக்கு `EPSG:32644`. கோயம்புத்தூர் 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் அங்கே `EPSG:32643`. மாற்றிய பிறகு புலக் கணிப்பானில் இதைக் கொடுத்தால் சதுர கிலோமீட்டர் கிடைக்கும்:

```
area($geometry) / 1000000
```

155 வார்டுகளின் பரப்பையும் கூட்டிப் பார்த்து 175க்கு அருகில் வருகிறதா என்று சோதியுங்கள். 426ஐ ஒட்டி வந்தால் நீங்கள் திறந்திருப்பது விரிவாக்கத்துக்குப் பிந்தைய 200 வார்டு வரைபடம். 2011 மக்களை அந்தப் பரப்பால் வகுத்தால் வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது.

மொத்தப் பரப்பால் வகுத்த அடர்த்தியையும் அப்படியே எடுக்கக் கூடாது. கிண்டி தேசியப் பூங்கா, ஐஐடி வளாகம், துறைமுகம், அடையாறு முகத்துவாரம், ஏரிகள் எல்லாம் ஏதாவது ஒரு வார்டுக்குள்தான் கிடக்கின்றன. இரண்டு சதுர கிலோமீட்டர் வார்டில் 28,000 பேர் என்றால் அடர்த்தி 14,000. அதில் 0.7 சதுர கிலோமீட்டர் ஏரி என்றால் மக்கள் உண்மையில் நெருங்கி வாழ்வது 1.3இல், அடர்த்தி 21,500. ஏரியின் மேல் யாரும் குடியிருக்கவில்லை. செயற்கைக்கோள் படத்தில் நீர்நிலை, வளாகம், ரயில்வே நிலம் ஆகியவற்றைச் சுற்றிக் கோடு இழுத்து அந்தப் பரப்பைக் கழித்தபின் வகுப்பதே நேர்மையான ஒப்பீடு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளுக்கு இதைச் செய்யாமல் அடர்த்தி பேசவே கூடாது.

கழித்த பிறகும் அந்த எண் நிலத்தின் நெரிசலைச் சொல்கிறதே தவிர வீட்டின் நெரிசலைச் சொல்லாது. பத்து மாடிக் குடியிருப்பில் தாராளமாக வாழும் 25,000 பேரும், ஒற்றை மாடி வரிசை வீடுகளில் ஓர் அறையில் ஐந்து பேராக வாழும் 25,000 பேரும் அடர்த்தியில் ஒன்றே. HLPCAவில் ஒரே அறை உள்ள வீடுகளின் சதவீதத்தையும், தனி அறையே இல்லாத வீடுகளின் சதவீதத்தையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சமையலறை, குளியலறை அதில் அறையாக எண்ணப்படுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் தண்ணீர் லாரியும் குப்பை வண்டியும் எந்தத் தெருவில் திணறும் என்று ஓரளவு முன்கூட்டியே தெரியும்.

வீடு நிற்கும் புள்ளி

கடைசியாக வைத்தேன், ஆனால் எல்லாக் கணக்கையும் கவிழ்ப்பது இதுதான். இன்று ஒரு வீட்டின் சொத்து வரி ரசீதில் இருக்கும் வார்டு எண்ணும் 2011 சென்சஸில் இருக்கும் வார்டு எண்ணும் ஒன்றல்ல. 155 வார்டுகள் 2011 அக்டோபருக்குப் பின் 200 ஆகின. அதன் பிறகு எல்லைகள் மறுபடி வரையப்பட்டு, 2022 பிப்ரவரி மாநகராட்சித் தேர்தல் புதிய எல்லையில் நடந்தது. தாம்பரம் இன்னும் சிக்கல். 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் உள்ளிட்ட பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டு மாநகராட்சி ஆனது. 2011 கோப்பில் அவை ஒவ்வொன்றும் தனி ஊர். ஒவ்வொன்றிலும் ஒரு ‘வார்டு 5’ இருக்கிறது.

பழைய மக்கள்தொகையைப் புதிய வார்டுக்குப் பரப்பு விகிதத்தில் பங்கு போட்டு மாற்றும் முறை ஒன்று உண்டு. இரண்டு வரைபடங்களையும் மேலே மேலே வைத்து வெட்டி, வெட்டிய துண்டு பழைய வார்டில் எத்தனை சதவீதமோ அத்தனை மக்களைக் கொடுப்பது. மக்கள் சமமாகப் பரவியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால்தான் அது சரி. பாதி வார்டு ஏரியாக இருந்தால் மக்களை ஏரிக்குப் பங்கு போடும். வீடு தேடுகிறவருக்கு அந்தச் சுற்றுவழி தேவையே இல்லை. புதிய எண்ணை மறந்துவிடுங்கள். வீடு இருக்கும் இடத்தை வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்து, அந்தப் புள்ளி 2011 எல்லையில் எந்த வார்டுக்குள் விழுகிறது என்று பாருங்கள். அந்த வார்டின் எண்தான் உங்களுக்கு வேண்டியது. புள்ளி எல்லைக்கோட்டிலிருந்து இருநூறு முந்நூறு மீட்டருக்குள் இருந்தால் பக்கத்து வார்டையும் எடுத்து இரண்டையும் கூட்டுங்கள். தெருவுக்கு எதிர்ச்சாரி வேறு வார்டு என்பதால் அது வேறு ஊராகிவிடாது.

இப்படிப் பார்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் போதும். 2011 ஊர்ப்பெயரும் வார்டும் மேலே. கீழே குழந்தை விகிதம் 2001க்கும் 2011க்கும், ஏழு வயதுக்கு மேல் எழுத்தறிவும் ஆண் பெண் இடைவெளியும், நீர்நிலை கழித்த அடர்த்தியும் ஓர் அறை வீட்டு விகிதமும், வாடகை விகிதம், வாக்காளர் பட்டியலில் 60க்கு மேற்பட்டோர் பங்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த ஆண்டின் கணக்கு என்று எழுதுங்கள். மொத்தமாக மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தாதீர்கள். வயதான பெற்றோரோடு போகிறவருக்கு முதியோர் அதிகமுள்ள பகுதி நல்லது, மருந்துக்கடையும் மருத்துவரும் நடக்கும் தூரத்தில் வந்து சேர்ந்திருப்பார்கள். மூன்று வயதுக் குழந்தையோடு போகிறவருக்கு அதே எண், மாலையில் விளையாட ஆளில்லாத தெருவாகப் போகலாம். 2027 கணக்கின் வார்டு அட்டவணை வந்ததும் இந்தத் தாளில் இன்னொரு பத்தி சேர்க்க வேண்டியிருக்கும். அப்போதும் வார்டு எல்லை மாறியிருக்கும், ஆனால் வீடு நிற்கும் புள்ளி மாறாது. அதனால் ஆயத்தொலைவை, 12.9249, 80.1000 என்பதுபோல் நான்கு தசமம் வரை, தாளின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.